இல்லாத உலையோடு நடத்திய உரையாடல்

தாராப்பூரின் நான்காம் அணுவுலை 2005 மார்ச் 6 அன்று முதன்முதலாகத் தன்னிலைத் தொடர்வினையை எட்டியது. அதற்கு முன் இந்தியாவில் இயங்கிய கனநீர் உலைகள் 220 மெகாவாட் வகுப்பைச் சேர்ந்தவை. இதுவோ 540 மெகாவாட். உருவம் பெருத்ததால் புதிய சிக்கலொன்று எழுந்தது. பெரிய உலையில் மொத்தத் திறன் மாறாமலே ஒரு பக்கம் ஓங்கி மறுபக்கம் தாழக்கூடும். நியூட்ரான்களை விழுங்கும் செனான் ஓரிடத்தில் குறைந்து பிறிதோரிடத்தில் சேர்வதால், இவ்வூசலாட்டம் ஏறத்தாழ ஒரு நாளுக்கு ஒருமுறை சுழலும். இதனை அடக்க உலைக்குள் 14 நீரறைகள் அமைக்கப்பட்டன. ஓர் அறையில் நீர்மட்டம் உயர்ந்தால் அப்பகுதியின் திறன் தணியும்.

அம்மட்டங்களை ஆளும் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பு டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஆக்கம். இத்தகைய கருவியை எவ்வாறு சோதிப்பது? புதிய உலையில் செனானே இராது. ஊசலாட்டத்தை வேண்டுமென்றே எழுப்பிப் பார்ப்பதும் அறிவுடைமையாகாது. எனவே உலையின் இடத்தில் ஒரு பாவனைக் கணினி அமர்கிறது. (பொறியாளர் இவ்வுலையை 'பிளான்ட்' என்பர், செடியென்று பொருள்கொள்ளும் மொழியியலாளருக்கு முதலில் சற்றே தடுமாற்றம்தான்.)

பாவனைக் கணினி ஒவ்வொரு பகுதியின் திறனையும் கணித்து, உணர்விகள் தரக்கூடிய அதே மின்குறிகளாக்கிக் கருவியின் உண்மையான முனையங்களில் செலுத்துகிறது. கருவி வால்வுகளுக்கு இடும் ஆணையை வாங்கி, நீர்மட்டத்தை மீண்டும் கணிக்கிறது. வளையம் இவ்வாறு மூடுகிறது. கணிப்பு உரிய நேரத்துக்குள் முடியாவிடில் வளையத்தில் இல்லாத தாமதம் நுழைந்து, நல்ல கருவியும் அலைபாய்வதாகத் தோன்றும். காலப்படியைப் பாதியாக்கிப் பார்க்கையில் அலைவின் இயல்பு மாறினால், குற்றம் பெரும்பாலும் பாவனையிலேயே.

இன்னொரு பிழை நுட்பமானது. இரு பகுதிகளின் கம்பிகள் இடம் மாறியிருந்தாலும், எல்லாப் பகுதிகளும் சமமாக இயங்கும் சோதனையில் அது வெளிப்படாது. ஒரே பகுதியின் திறனை மட்டும் உயர்த்தினால், வேறோர் அறையின் நீர் ஏறுவது கண்ணில் படும்.

இத்தனையும் சரிபார்க்கப்பட்டாலும், பாவனை எந்தக் கணிப்பின் மேல் நிற்கிறதோ அதனை இச்சோதனை சோதிப்பதில்லை. இதற்குச் சான்று காக்ராபார். 2004 மார்ச் 10 அன்று அங்குள்ள முதல் உலையில், ஒழுங்காற்று அமைப்பு செயலிழந்த நிலையில் திறன் 73 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டை நெருங்கியது. அது இவ்வகைச் சோதனையின் தோல்வியன்று. ஆயினும் பின்னர் நடந்த ஆய்வில், திறன் மாறும்போது உலை காட்டும் எதிர்வினை, முன்னர் கணித்திருந்ததிலிருந்து விலகியிருப்பது தெரியவந்தது. அதே கணிப்பிலிருந்து கருவியையும் பாவனையையும் வடித்திருந்தால், இரண்டும் ஒன்றையொன்று ஆமோதித்தே தீரும். ஆகவேதான் உலையைத் தொடங்கிவைக்கும்போது திறனைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் அளந்த எதிர்வினையைப் பாவனை சொன்னதோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் பாவனையைத் திருத்தியபின் அடுத்த படிக்குச் செல்கின்றனர்.