வலது பொத்தானை அழுத்திப் பிடித்து... ஓப்பரா தொடங்கி வைத்த மவுஸ் சைகைகள்

இணையத்தில் ஒரு பக்கம் பின்னால் போக வேண்டும் என்றால் பெரும்பாலானோர் என்ன செய்வார்கள்? மவுஸை மேலே இடது மூலைக்கு நகர்த்தி, அங்கே இருக்கும் அம்புக்குறியைத் தேடிப் பிடித்துச் சொடுக்குவார்கள். ஒரு நாளைக்கு நூறு தடவை இந்தப் பயணம்! நார்வே நாட்டு ஓப்பரா நிறுவனம் 2001 ஏப்ரலில், தன் உலாவியின் 5-ஆம் வரிசையிலேயே, இந்தப் பயணத்தை ஒழிக்க ஒரு வழி செய்தது.

வழி இதுதான். பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் வலது பொத்தானை அழுத்திப் பிடித்து, மவுஸை இடப்பக்கம் லேசாக இழுத்து விட்டால் பின்னால் போகும். வலப்பக்கம் இழுத்தால் முன்னால். கீழே இழுத்து அப்படியே வலப்பக்கம் திருப்பினால், அதாவது ஆங்கில எழுத்து L வரைந்தால், திறந்திருக்கும் டேப் மூடிக்கொள்ளும். கோடு நேராக இருக்க வேண்டும், இத்தனை நீளம் இருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டாயமில்லை. உலாவி பார்ப்பது திசைகளின் வரிசையை மட்டுமே. 'கீழ், வலது' என்று இரண்டு திசைகள் தெரிந்தால் போதும்.

இன்னொன்று அதைவிடச் சோம்பேறித்தனமானது. மவுஸை நகர்த்தவே வேண்டாம். வலது பொத்தானை அழுத்தியபடி இடது பொத்தானைத் தட்டினால் பின்னால்; இடதை அழுத்தியபடி வலதைத் தட்டினால் முன்னால். இரண்டு விரலும் ஏற்றப் பலகை மாதிரி மாறி மாறி ஆடுவதால் இதற்கு 'ராக்கர்' என்று பெயர். ருசி கண்டவர்கள் வலதைப் பிடித்த பிடியிலேயே இடதை மூன்று முறை தட்டி மூன்று பக்கம் பின்னால் போய்விடுவார்கள். முன்னால் போவதுதான் கொஞ்சம் தொல்லை. இடது பொத்தானை அழுத்தும்போது கீழே ஒரு சுட்டி இருந்தால், கை சற்று அசைந்தாலும் அந்தச் சுட்டியை இழுக்கிறோம் என்று உலாவி நினைத்துக்கொள்ளும்.

இதைப் பார்த்து மற்ற உலாவிகளுக்கும் நீட்சிகள் வந்தன. பயர்பாக்ஸில் மட்டும் பல. ஆனால் இங்கேதான் வேடிக்கை. வலது பொத்தானுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது: மெனுவைத் திறப்பது. விண்டோஸில் பொத்தானை *விடும்போதுதான்* மெனு வரும். ஆகவே விடுவதற்குள் மவுஸ் நகர்ந்ததா என்று பார்த்து, நகர்ந்திருந்தால் மெனுவைத் தடுத்துவிடலாம். லினக்ஸிலும் மேக்கிலும் வழக்கம் வேறு. பொத்தானை *அழுத்தியவுடனே* மெனு வந்து நிற்கும், கோடு போட நேரமே கிடைக்காது. அதனால் அங்கே சில நீட்சிகள், மெனு வேண்டுமென்றால் வலது பொத்தானை இரண்டு முறை தட்டச் சொன்னன.

பயர்பாக்ஸின் பழைய நீட்சிகள் உலாவியின் சன்னலோடேயே ஒட்டிக்கொள்ளக் கூடியவை. 2017 நவம்பரில் பயர்பாக்ஸ் 57 வந்தபோது அந்த வகை நீட்சிகள் நின்று போயின. அதற்குப் பிறகு குரோமைப் போலவே இங்கும், சைகையைக் கவனிக்கும் நிரல் ஒவ்வொரு இணையப் பக்கத்துக்குள்ளும் புகுந்து உட்கார வேண்டும். இதன் விளைவை ராக்கரில் நன்றாகப் பார்க்கலாம். வலதைப் பிடித்து இடதைத் தட்டுகிறோம். பக்கம் பின்னால் போகிறது. அந்தப் பக்கத்தோடு அதில் இருந்த நிரலும் போய்விட்டது! புதிய பக்கத்தின் நிரலுக்கு வலது பொத்தான் இன்னும் அழுந்தியிருப்பது தெரியாது. இப்போது விரலை எடுத்தால் சம்பந்தமில்லாமல் மெனு எட்டிப் பார்க்கும். விடாமல் மறுபடி இடதைத் தட்டினால் வெறும் கிளிக்காகப் போகும், கீழே சுட்டி இருந்தால் அது திறந்துவிடும். கவனமாக எழுதியவர்கள் பொத்தானின் நிலையைப் பின்னணியில் ஒரு பொது இடத்தில் குறித்து வைத்து இதைச் சமாளித்தார்கள். ஆனால் ஒரு பக்கத்தில் நிரல் நுழையவே அனுமதி இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. குரோமின் அமைப்புகள் பக்கத்தில், அதாவது chrome:// என்று தொடங்கும் எதிலும், L போட்டால் டேப் மூடாது. சைகை கெட்டுவிட்டதா, பக்கம்தான் தடுக்கிறதா என்று அறிய, அதே L-ஐ ஒரு சாதாரணச் செய்தித் தளத்தில் போட்டுப் பார்த்தால் போதும்.

ஓப்பராவில் இந்தச் சிக்கல் இல்லாததற்குக் காரணம், சைகையைக் கவனித்தது பக்கம் அல்ல, உலாவியே. 2013-இல் ஓப்பரா தன் சொந்த இயந்திரத்தைக் கைவிட்டு குரோமியத்துக்கு மாறியபோது பழைய வசதிகள் பலவற்றை இழந்தது. அதிருப்தி அடைந்த பழைய பயனர்கள் பலர். ஓப்பராவைத் தொடங்கியவர்களில் ஒருவரான யோன் வோன் டெட்ஸ்னர் அப்போது அந்த நிறுவனத்தில் இல்லை. அவர் உருவாக்கிய விவால்டி உலாவியின் முதல் பதிப்பு 2016 ஏப்ரலில் வந்தது. அடியில் ஓடுவது அதே குரோமியம்தான். ஆனாலும் மவுஸ் சைகை, ராக்கர் இரண்டும் நீட்சி எதுவும் இல்லாமல் உலாவிக்குள்ளேயே இருக்கின்றன, டேப் மூடும் அந்தப் பழைய L உட்பட.