ஒரு பெருக்கம் இரண்டான வரலாறு

இரு காவிகளைப் பெருக்கினால் வருவது எண்ணியா, காவியா? 1843 ஒக்ரோபர் 16 இல் டப்ளினில் ஹமில்ரன் கண்ட குவாற்றேணியன் பெருக்கத்தில் இரண்டும் பிணைந்தே வந்தன. ஆயின் i² = −1 எனக் கொண்டமையால் எண்ணிப் பகுதி குறிமாறி நின்றது. (1, 1, 0), (0, −1, −1) என்னுந் திசைகளைப் பெருக்கின் எண்ணிப் பகுதி 1; காவிப் பகுதி (−1, 1, −1).

யேல் பல்கலைக்கழகத்துக் கிப்ஸ், தம் மாணவர்க்கென 1881 இலும் 1884 இலும் அச்சிட்ட ஏட்டில் இப்பிணைப்பை அறுத்தார், குறியையும் மாற்றினார். புள்ளிப் பெருக்கம் −1 ஆயிற்று. ஹமில்ரன் வழிநின்ற ரெயிற் 1890 இல் இதனைக் கடுமையாகப் பழித்தார்.

மேற்கண்ட காவிகள் ஒவ்வொன்றின் நீளமும் √2. ஆகவே கோசைன் −1/2, கோணம் 120°. கோட்டுக்கோ முன், பின் என்னும் திசைவேறுபாடில்லை. ஒரு காவியைத் திருப்பினால் 60° வரும். கோடுகளிடைக் கோணமாகக் கொள்ளப்படுவது இக்கூர்ங்கோணமே. எனவே புள்ளிப் பெருக்கத்தின் குறியை நீக்கியே கணித்தல் வேண்டும். (நம்மிற் பலர் இடறுமிடம் இது.) குறுக்குப் பெருக்கத்தின் நீளம் √3, சைன் √3/2. இது 60°, 120° ஆகிய இரண்டுக்கும் பொருந்துவதால், காவிகளிடைக் கோணம் எதுவென அது தனித்து உரைக்காது. இரு கோடுகளுக்கும் செங்குத்தான திசையைத் தருவதே அதன் தனிப்பயன்.

பிரிவினால் இழப்பும் உண்டு. ஹமில்ரனின் பெருக்கத்தில் ஒரு காவியும் விடையுந் தெரிந்தால் மற்றக் காவியை வகுத்துப் பெறலாம். புள்ளிப் பெருக்கம் மட்டுமோ குறுக்குப் பெருக்கம் மட்டுமோ தெரிந்தால் அது இயலாது.