தாய்மாமன் மடியும் ஒங்கெலும்

காதுகுத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைப்பது நம் வழக்கம். சித்தப்பா எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அந்த மடி மாமனுக்கு உரியது. இந்தக் காட்சி வரும் ஒரு சிறுகதையை ஜெர்மனில் எழுத உட்கார்ந்தால், மாமாவுக்கு முதலில் கைக்கு வரும் சொல் 'ஒங்கெல்'. அப்பாவின் தம்பியும் ஒங்கெல்தான், அத்தையின் கணவரும் ஒங்கெல்தான். ஆகவே ஜெர்மன் வாசகர் படிப்பது, அன்பான உறவினர் ஒருவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார் என்பதை மட்டுமே. கதையில் மாமன் கோபித்துக்கொண்டு வராமல் போய்ச் சடங்கு நின்றுவிட்டால், இன்னொரு ஒங்கெல் உட்கார்ந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றும். கதையின் முடிச்சே அவிழ்ந்துவிடும்.

ஜெர்மன் எப்போதும் இப்படி இருந்த மொழியன்று. பழைய ஜெர்மனில் அப்பாவின் சகோதரர் ஃபெட்டர், அம்மாவின் சகோதரர் ஓஹைம், அப்பாவின் சகோதரி பாஸெ, அம்மாவின் சகோதரி மூமெ. நான்கு உறவுக்கு நான்கு சொல். நம் சித்தப்பா, பெரியப்பாவுக்குள் அப்பா இருப்பதுபோல, தந்தையைக் குறிக்கும் ஃபாட்டர் என்ற சொல்லோடு வேரில் இணைந்தது ஃபெட்டர். பிறகு பிரெஞ்சிலிருந்து ஒங்கெலும் டான்டெயும் வந்து பரவி, அந்த நான்கையும் ஓரங்கட்டின. ஃபெட்டர் பொருள் மாறி, இன்று மாமன் மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் பொதுப்பெயராக நிற்கிறது.

அப்படியானால் மாமாவுக்கு ஓஹைம் என்று எழுதிவிடலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. பாரதக் கதையின் சகுனிக்கு அது அழகாகப் பொருந்தும். பழங்கதையின் வாசனை அதில் இருக்கிறது. ஆனால் மதுரையில் பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன் வாசலில் நின்று "ஓஹைம்!" என்று கூப்பிட்டால், ஜெர்மன் காதுக்கு அவன் இளவரசனாகிவிடுகிறான். தவிர, மாமன் மகளைக் கட்டும் முறை நம் சொல்லுக்குள் இருக்கிறது. சித்தப்பா மகள் தங்கை, மாமன் மகள் முறைப்பெண் என்ற பிரிவை ஓஹைம் சொல்லித்தராது.

தமிழ்ச் சொல்லையே வைத்துக்கொள்வதிலும் ஒரு கண்ணி உண்டு. ரோமன் எழுத்தில் 'மாமா'வை வழக்கம்போல எழுதினால், ஜெர்மன் குழந்தைகள் தாயை அழைக்கும் சொல்லோடு அது எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடும். எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்திடும் மொழி அது என்பதால், இது பெயர், அது உறவு என்று கண்ணால் பிரிக்கவும் வழியில்லை. மாமா மீசையை முறுக்கினார் என்ற வரியில் வாசகர் திடுக்கிடுவார். அதனால் நெடிலைக் காட்ட உயிரெழுத்தை இரட்டித்து எழுதுவதே நல்லது. முதலில் வரும் இடத்தில் 'என் அம்மாவின் அண்ணன்' என்று வாக்கியத்துக்குள்ளேயே உறவைச் சொல்லிவிட்டு, பிறகு அந்தச் சொல்லை விளிப்பாகப் பயன்படுத்த வேண்டும். அடிக்குறிப்பு தேவைப்படாது. தெருவில் முன்பின் தெரியாத பெரியவரைப் பையன் "மாமா" என்று கூப்பிடும் இடத்தில் மட்டும் ஒங்கெலே சரியான சொல். ஜெர்மன் குழந்தைகளும் அப்படி அழைப்பதுண்டு.

கதையில் இழப்பது நயம். அலுவலகத்தில் இழப்பது பெரிது. ஈழத்திலிருந்து ஜெர்மனிக்குப் போன ஒருவர் அகதி விசாரணையில், "அண்ணா கொழும்பில இருக்கிறார்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது பெரியப்பாவின் மகனை. மொழிபெயர்ப்பாளர் 'புரூடர்' என்கிறார். உடன்பிறந்தவர் என்று பதிவாகிறது. பின்னொரு நாள் படிவத்தில் கூடப்பிறந்த ஆண்கள் யாருமில்லை என்று அவரே எழுதுகிறார். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இது முன்னுக்குப்பின் முரண். தமிழில் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சகோதரியும் மாமி, மாமாவின் மனைவியும் மாமி, மனைவியின் தாயும் மாமி என்பதால், அந்தச் சொல்லில் குழப்பம் மும்மடங்கு.

இத்தகைய இடத்தில் ஒற்றைச் சொல்லைத் தேடுவதே தவறு. உறவு போகும் வழியைச் சொல்ல வேண்டும்: என் தந்தையின் அண்ணனுடைய மகன், என் தாயின் தம்பி என்று. ஜெர்மனில் இது நீளமாக இருக்கும், ஆனால் பிழையாக இருக்காது. தந்தை வழி, தாய் வழி என்று ஒங்கெலோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு அம்மொழியில் உண்டென்றாலும், அண்ணனா தம்பியா என்பதை அது சொல்லாது. அத்தை கணவரையும் அது விலக்காது.

மொழிபெயர்க்க உட்காரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்ற சொல் எதிரே வந்தால், ஜெர்மனில் வாய் திறப்பதற்கு முன் தமிழிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒரே தாய் தகப்பனா?"