பதினைந்து எண்களும் ஒரு சொல்லும்

ஒரு கோப்பைத் திறக்கிறோம். உள்ளே வெறும் எண்கள்:

```
224 174 164 224 174 174 224 174 191
224 174 180 224 175 141
```

ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுத்தாக மாற்றினால் à®¤ என்று தொடங்கும் கிறுக்கல்தான் வரும். கோப்பு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன்னால் எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். மூன்றுக்கு ஒருமுறை 224 வருகிறது, அதன் பின்னாலேயே 174 அல்லது 175. தமிழ் எழுத்துகள் யு.டி.எஃப்-8 முறையில் சேமிக்கப்படும்போது விழும் தடம் இது.

1991இல் வந்த யூனிகோடு, தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களை ஒதுக்கியது. ஒரு பைட்டில் 255க்கு மேல் எண் கொள்ளாது. 1992இல் கென் தாம்ஸனும் ராப் பைக்கும் வடிவமைத்த யு.டி.எஃப்-8, பெரிய எண்ணைத் துண்டுகளாக வெட்டிப் பல பைட்டுகளில் வைக்கிறது. 224 என்றால் 'என்னையும் சேர்த்து மூன்று பைட் ஓர் எழுத்து' என்று பொருள். அடுத்த இரண்டிலிருந்தும் 128ஐக் கழிக்க வேண்டும். முதல் மூன்றை எடுத்துக்கொள்வோம்: 174இல் 46 மிஞ்சும், 164இல் 36. 46ஐ 64ஆல் பெருக்கி 36ஐக் கூட்டினால் 2980. அது 'த'. இப்படியே போனால் 2990, 3007, 2996, 3021. அதாவது ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. சேர்த்துப் படித்தால் 'தமிழ்'. அவ்வளவுதான்!

சிக்கல் அதற்கு முந்தைய கோப்புகளில்தான். 1990களின் பிற்பகுதியில் இணையத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கிய திஸ்கி, ஓர் இடத்துக்கு ஒரு பைட் கொண்டது. அதில் 128க்கு மேற்பட்ட எண்கள் வரும், ஆனால் அந்த 224 தாளம் இருக்காது. அட்டவணை வைத்து எண்ணுக்கு எண் மாற்றிவிடலாம்தானே? முடியாது. திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுகிறது: 'கொ' என்றால் கொம்பு, க, கால். யூனிகோடு ஒலிக்கும் வரிசையில் எழுதுகிறது: முதலில் க, பிறகுதான் உயிர்க்குறி. வரிசையை மாற்றாமல் எண்ணை மட்டும் மாற்றினால், சொல்லின் முதலில் வரும் கொம்பு புள்ளி வட்டத்தோடு அநாதையாக நிற்கும். பிழை கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம்.

சொல்லின் நடுவில் வந்தால்தான் ஆபத்து. 'படகொன்று' என்பதில் அந்தக் கொம்பு முன்னால் இருக்கும் ட-வோடு ஒட்டிக்கொண்டு 'படெகான்று' ஆகிவிடும். கணினிக்கு அது முறையான எழுத்து வரிசைதான், எந்த எச்சரிக்கையும் வராது. அந்தக் கோப்பில் 'படகொன்று' என்று தேடுகிறவருக்கு அந்தச் சொல் கிடைக்கவே கிடைக்காது. அதனால் பழைய கோப்பை மாற்றி முடித்ததும் முதலில் நான் பார்ப்பது ஒகரமும் ஓகாரமும் வரும் சொற்களைத்தான். அவை சரியாக இருந்தால் மற்றவற்றையும் ஓரளவு நம்பலாம்.