கூடுதல் பொறுப்பு ஆணை

ஒரு பிரிவின் அலுவலர் விடுப்பிலோ மாறுதலிலோ செல்லும்போதும், ஓய்வு பெற்ற பின் அவர் இடம் நிரப்பப்படாமல் இருக்கும்போதும், வேறொரு பிரிவின் அலுவலரிடம் அவருடைய சொந்த வேலையோடு சேர்த்து அப்பிரிவையும் ஒப்படைக்கும் எழுத்து வடிவ உத்தரவு கூடுதல் பொறுப்பு ஆணை எனப்படும். பெரும்பாலும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் இந்த ஆணையை அலுவலகத்தின் உள் ஏற்பாடாக மட்டும் கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. அந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் அடுத்த சில வாரங்கள் கையொப்பங்கள் இடப்படுகின்றன. எந்தக் கையொப்பம் செல்லும், எது செல்லாது, பொறுப்பு வகித்தவருக்குக் கூடுதல் ஊதியம் உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் ஆணையின் சொற்களே விடை தருகின்றன. எனவே காலத்தையும் அதிகாரத்தையும் குறிப்பிடாத ஆணை முழுமையற்ற ஆணையே. இந்தக் கட்டுரை அதை இந்திய மத்திய அரசு அலுவலகங்களின் விதிகளை வைத்து விளக்குகிறது.

இரண்டு வகை

மத்திய அரசின் நடைமுறையில் கூடுதல் பொறுப்பு இரண்டு வகைப்படும். முதல் வகையில் மற்றப் பதவியின் எல்லாக் கடமைகளும், சட்டம் அந்தப் பதவிக்கு அளித்த அதிகாரங்கள் உட்பட, ஒருவரிடம் வருகின்றன. இது முழுக் கூடுதல் பொறுப்பு. இரண்டாம் வகையில் தபால் பார்ப்பது, கோப்பு நகர்த்துவது, நினைவூட்டல் அனுப்புவது போன்ற அன்றாட வேலை மட்டும் வருகிறது. இது அன்றாடப் பணிப் பொறுப்பு. பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 1989 ஆகஸ்ட் 11 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை இவ்விரண்டுக்கும் தனித்தனி வழி வகுத்தது. எல்லாக் கடமைகளையும் ஒப்படைப்பதானால் தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதல் பெற்று, அலுவலரை அந்தக் கூடுதல் பதவியில் முறையாக நியமிக்கும் ஆணை பிறப்பிக்க வேண்டும். அன்றாட வேலை மட்டும் போதுமென்றால் அலுவலக ஆணை போதும். ஆனால் சட்ட அதிகாரம் சாராத வேலையை மட்டும் அவர் பார்ப்பார் என்பதையும், கூடுதல் ஊதியம் கிடையாது என்பதையும், எந்தக் கடமைகளைச் செய்வார், எவற்றைச் செய்யமாட்டார் என்பதையும் அந்த ஆணையே சொல்ல வேண்டும். கடைசியாகச் சொன்ன கடமைப் பட்டியல்தான் நடைமுறையில் அதிகம் விடுபடுகிறது. “இப்பிரிவின் பணிகளையும் சேர்த்துக் கவனிப்பார்” என்ற ஒரு வரியோடு ஆணை முடிந்துவிட்டால் அது எந்த வகை என்று படிப்பவருக்குத் தெரிவதில்லை; பெற்றுக்கொள்பவருக்கும் தெரிவதில்லை.

அதிகாரத்தின் எல்லை

அன்றாடப் பொறுப்பு வகிப்பவர் எதுவரை கையொப்பமிடலாம் என்பதற்கு உள்துறை அமைச்சகம் 1963 ஜனவரி 24 அன்று ஒரு விளக்கம் தந்தது. பதவியின் நிர்வாக, நிதி அதிகாரங்களை அவர் பயன்படுத்தலாம். சட்ட அதிகாரங்களைப் பயன்படுத்தக் கூடாது. சட்ட அதிகாரம் என்பது வருமான வரிச் சட்டம் போன்ற நாடாளுமன்றச் சட்டத்திலிருந்து நேராக வருவதோடு நிற்பதில்லை. அரசியலமைப்பின் கீழ் செய்யப்பட்ட அடிப்படை விதிகள், ஒழுங்கு நடவடிக்கை விதிகள், நிதி அதிகாரப் பகிர்வு விதிகள் ஆகியவற்றிலிருந்து வருவதும் அதில் அடங்கும். இங்கே கவனிக்க வேண்டிய ஒரு முடிச்சு இருக்கிறது. நிதி அதிகாரம் உண்டு என்கிறது விளக்கத்தின் ஒரு பகுதி. நிதி அதிகாரப் பகிர்வு விதிகளிலிருந்து வரும் அதிகாரம் இல்லை என்கிறது மறு பகுதி. ஒரு செலவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பெரும்பாலும் அந்த விதிகளிலிருந்துதான் கிளைக்கிறது. ஆகவே பொது விளக்கத்தை மட்டும் நம்பி ஒரு பட்டியலில் கையெழுத்திடுபவர் உறுதியான தரையில் நிற்கவில்லை. எந்த வகைச் செலவுக்கு, எவ்வளவு தொகை வரை, யாருடைய அதிகாரப் பகிர்வின் கீழ் என்று ஆணையே சொல்லும்போதுதான் அந்த முடிச்சு அவிழ்கிறது.

“எல்லா அதிகாரங்களும்” என்று எழுதிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. 1965-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த அஜைப் சிங் எதிர் குர்பச்சன் சிங் வழக்கு அதற்குத் தெளிவான சான்று. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒருவரைக் காவலில் வைக்கும் அதிகாரத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்குக் குறையாத தரத்தில் உள்ள அதிகாரிதான் அப்போது பயன்படுத்த முடிந்தது. அமிர்தசரசில் அந்த உத்தரவைப் பிறப்பித்தவர் கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட். மாவட்ட மாஜிஸ்திரேட்டின் அதிகாரங்கள் அவருக்கு வழங்கப்பட்டிருந்தன. ஆனால் அதிகாரம் வழங்கப்பட்டதாலேயே அந்தத் தரம் வந்துவிடாது என்று நீதிமன்றம் கூறியது. காவல் உத்தரவு செல்லாமற் போனது. சட்டம் ஒரு பதவியின் தரத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும்போது, கீழ்நிலையில் இருப்பவர் அந்த நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பது மட்டும் போதாது. அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவும் இதே வகையில் அமைந்திருக்கிறது. ஒருவரை நியமித்த அதிகாரிக்குக் கீழ்ப்பட்டவர் அவரைப் பணிநீக்கம் செய்ய முடியாது. நியமன அதிகாரியின் நாற்காலியைத் தற்காலிகமாகக் கவனிக்கும் கீழ்நிலை அலுவலர் அப்படி ஓர் ஆணையில் கையொப்பமிட்டால் அந்த ஆணையே கேள்விக்குள்ளாகிறது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. பதவியில் இருப்பதாக எல்லோரும் நம்பிய ஒருவர் செய்த செயல்களை, அவருடைய நியமனத்தில் பின்னர் குறை தெரிந்தாலும் சட்டம் காப்பாற்றுகிறது. 1981-இல் கோகராஜு ரங்கராஜு வழக்கில், நியமனம் செல்லாது என்று முடிவான நீதிபதிகள் வழங்கிய தீர்ப்புகள் நிலைக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அப்படியானால் பொறுப்பு அலுவலரின் கையொப்பமும் காப்பாற்றப்படாதா? இரண்டு நிலைமைகளும் வேறு. அங்கே நீதிபதிகள் அந்தப் பதவிக்கே நியமிக்கப்பட்டிருந்தார்கள். நியமனத்தில்தான் குறை இருந்தது. இங்கே அந்தப் பதவியில் நியமனமே நடக்கவில்லை; அதன் அன்றாட வேலையைப் பார்க்கச் சொல்லி மட்டும் ஓர் ஆணை இருக்கிறது. தான் யாரென்று அந்த அலுவலர் யாரையும் ஏமாற்றவும் இல்லை. பெயருக்குக் கீழ் “பொறுப்பு” என்றே எழுதுகிறார். அந்தக் கொள்கையை நம்பி ஆணையை மங்கலாக எழுதுவது, பிற்காலத்தில் ஒரு வழக்கறிஞர் மீட்டுத் தருவார் என்று எண்ணி இன்று குறையை விட்டுவைப்பதாகும்.

காலத்தின் எல்லை

அடிப்படை விதி 49 காலத்தைப் பணத்தோடு இணைக்கிறது. ஒரே அலுவலகத்தில், ஒரே பணித்தொகுதியில், ஒரே ஊதிய விகிதம் கொண்ட இரு பதவிகளை ஒருவர் சேர்த்து வகித்தால் எத்தனை நாளானாலும் கூடுதல் ஊதியம் இல்லை. மற்றப் பதவி வேறு அலுவலகத்திலோ வேறு பணித்தொகுதியிலோ இருந்து, முறையான ஆணையால் முழுப் பொறுப்பு தரப்பட்டு, அது 45 நாட்களைத் தாண்டி 3 மாதத்துக்குள் முடிந்தால், கூடுதல் பதவியின் அனுமான ஊதியத்தில் 10 விழுக்காடு கிடைக்கும். 3 மாதத்துக்கு மேலும் கூடுதல் ஊதியம் தர வேண்டுமானால் தனி இசைவு வேண்டும். அன்றாடப் பணிப் பொறுப்புக்கு எவ்வளவு காலமானாலும் எதுவும் இல்லை. ஆகவே தொடக்க நாளும் முடிவு நாளும் இல்லாத ஆணையை வைத்து சம்பளப் பிரிவு கணக்குப் போட முடியாது. “மறு உத்தரவு வரும் வரை” என்ற தொடர் நிர்வாகத்துக்கு நெகிழ்ச்சி தருகிறது என்பார்கள். வராத ஒருவருக்காகக் காத்திருக்கும்போது அந்த நெகிழ்ச்சி தேவைதான். ஆனால் “இத்தனை நாட்கள் அல்லது அலுவலர் பணிக்குத் திரும்பும் நாள், எது முன்னரோ அது வரை” என்று எழுதினாலும் அதே நெகிழ்ச்சி கிடைக்கிறது. கூடவே காலம் முடியும் நாளில் ஒருவர் கோப்பை எடுத்துப் பார்த்தாக வேண்டும் என்ற கட்டாயமும் வருகிறது. எல்லையற்ற ஆணையில் அந்தக் கட்டாயம் இல்லை. நிரப்ப வேண்டிய இடம் நிரம்பிய இடம் போலவே தெரிந்துகொண்டிருக்கும்.

ஒரு மாதிரி

ஓர் அலுவலகத்தின் கொள்முதல் பிரிவு அலுவலர் 60 நாள் விடுப்பில் செல்கிறார் என்று கொள்வோம். வேறு பணித்தொகுதியைச் சேர்ந்த கணக்குப் பிரிவு அலுவலரிடம் பொறுப்பு தரப்படுகிறது. விடுப்பில் செல்பவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அப்பிரிவின் பொதுத் தகவல் அலுவலரும்கூட. “பணிகளைக் கவனிப்பார்” என்று மட்டும் ஆணை சொன்னால் மூன்று இடங்களில் சிக்கல் எழும். முதலாவது, தகவல் கேட்டு வரும் மனுவுக்கு 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்; தவறினால் நாளுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த நாட்கள் விடுப்புக்காக நிற்பதில்லை. ஆனால் பதில் தர வேண்டியவர் யார் என்பது ஆணையில் இல்லை. இரண்டாவது, கொள்முதல் பிரிவு அனுப்பும் பட்டியலைச் சரிபார்ப்பது கணக்குப் பிரிவு. இப்போது அனுப்புபவரும் சரிபார்ப்பவரும் ஒருவரே. மூன்றாவது, 60 நாள் என்பது 45-ஐத் தாண்டுகிறது. கூடுதல் ஊதியம் உண்டா இல்லையா என்பதை ஆணையின் வகைதான் தீர்மானிக்கும், அது தெரியவில்லை.

இந்த மூன்றையும் ஐந்தாறு வாக்கியங்களில் தீர்த்துவிடலாம். தகுதியுள்ள அதிகாரியின் ஒப்புதலோடு, அடிப்படை விதி 49-இன் கீழ் முழுக் கூடுதல் பொறுப்பு என்று வகையைச் சொல்ல வேண்டும். எந்த நாள் முற்பகல் முதல் எந்த நாள் வரை என்று காலத்தைச் சொல்ல வேண்டும். ஒப்புதல் தரக்கூடிய தொகையின் உச்சவரம்பை எழுத வேண்டும். பொதுத் தகவல் அலுவலராக அவரையே, அல்லது வேறொருவரை, தனி ஆணையால் குறிக்க வேண்டும். கொள்முதல் பிரிவின் பட்டியல்களை இந்தக் காலத்தில் அடுத்த மேல்நிலை அலுவலர் சரிபார்ப்பார் என்று கோப்பைத் திருப்பிவிட வேண்டும். பொறுப்பு மாற்றச் சான்றில் இருவரும் கையொப்பமிட்ட நேரத்திலிருந்தே ஆணை நடைமுறைக்கு வருகிறது என்பதையும் சேர்த்துவிட்டால், பின்தேதியிட்டு எழுதும் தேவை எழாது.

முழுப் பொறுப்புக்கு ஒப்புதல் பெறக் காலமாகும், பிரிவு அதுவரை நின்றுவிடும் என்பது நடைமுறையில் கேட்கும் கடைசி எதிர்ப்பு. ஓய்வு பெறும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரியும். நீண்ட விடுப்பும் பெரும்பாலும் முன்கூட்டியே கேட்கப்படுகிறது. அவற்றில் அவசரம் என்ற காரணம் நிற்காது. திடீர் இறப்பிலோ நோயிலோ அவசரம் உண்மையானதுதான். அப்போது அன்றாடப் பணிப் பொறுப்பை அன்றே கொடுத்து, சட்ட அதிகாரம் வேண்டிய கோப்புகள் மட்டும் மேல்நிலை அலுவலருக்குச் செல்லும் என்று அதே ஆணையில் எழுதலாம். முழுப் பொறுப்புக்கான ஒப்புதல் வந்ததும் அதற்குப் பதிலாகப் புதிய ஆணை வெளியிடலாம். இடைப்பட்ட நாட்களில் எந்தக் கோப்பும் நிற்காது, எந்தக் கையொப்பமும் தன் எல்லையைத் தாண்டாது. மங்கலான ஆணை அலுவலகத்துக்கு மிச்சப்படுத்தும் நேரம் சில மணி நேரமே. அதற்கான விலையைத் தருபவர்கள் வேறு ஆட்கள்: தகுதியற்ற கையொப்பத்தால் இடைநீக்கம் செய்யப்பட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடும் ஊழியர், மனுவுக்குப் பதில் கிடைக்காத குடிமகன், இரண்டு நாற்காலிகளின் வேலையைச் செய்தும் எதற்குப் பொறுப்பாளி என்று தெரியாத அந்த அலுவலர்.