கிறுக்கலாக ஒரு ஸ்கெட்ச், பழைய போட்டோ ஒன்று... கேட்ட போஸில் அதே முகம் வருவது எப்படி?

வடசென்னையில் எம்.கே.பி. நகர் என்று பஸ் போர்டு முதல் ஆட்டோ ஸ்டாண்ட் வரை சுருக்கிச் சொல்லும் ஏரியாவின் முழுப் பெயர் மகாகவி பாரதி நகர். அந்தப் பாரதியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 11, அவர் பிறந்தநாள். பேனரில் அவர் தரையில் சம்மணமிட்டு, சாய்வு மேசையில் குனிந்து எழுதுவது போல ஒரு படம் வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், 1921-ல் மறைந்த பாரதியின் போட்டோக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எல்லாமே கருப்பு வெள்ளை. பரவலாகத் தெரிந்த படங்கள் எதிலும் அவர் எழுதிக்கொண்டிருக்கவில்லை. இன்று வீடுகளிலும் பள்ளிகளிலும் மாட்டியிருக்கும் தலைப்பாகை பாரதி படமும் போட்டோ அல்ல. 'ஆர்யா' என்ற பாஷ்யம் வரைந்த ஓவியம்தான் அப்படிப் பரவியது.

இப்போது இந்த வேலையை ஏஐ பட மென்பொருளில் செய்கிறார்கள். பேனாவால் போட்ட ஒரு கிறுக்கலும், ஒரு பழைய போட்டோவும் போதும் என்கிறார்கள். உண்மையில் போதுமா?

இரண்டு வேலை, இரண்டு கருவி

"பாரதி எழுதுவது போல படம்" என்று வார்த்தையில் மட்டும் கேட்டால், ஒவ்வொரு தடவையும் ஒரு போஸ், ஒவ்வொரு தடவையும் ஒரு முகம் வரும். அதனால் வேலையை இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

போஸைப் பிடித்துவைப்பது கண்ட்ரோல்நெட். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்டது. ஸ்கெட்ச்சில் கோடு எங்கே போகிறதோ, படத்திலும் உருவம் அங்கேயே அமையும்படி இது வழிநடத்தும்.

முகத்தைப் பார்த்துக்கொள்வது ஐபி-அடாப்டர். இதுவும் 2023-ல் வந்தது, சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கியது. போட்டோவில் உள்ள முகத்தை இது வெட்டி ஒட்டுவதில்லை. முகத்தின் அடையாளத்தை எண்களின் வரிசையாகச் சுருக்கி, "இந்தச் சாயலில் வரை" என்று மென்பொருளுக்குச் சொல்கிறது. சாயல் வரும், அச்சு அசல் வராது என்பதற்கு இதுதான் காரணம்.

ஸ்கெட்ச்சில் முகம் வரையாதீர்கள்

வெள்ளைத் தாளில் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாக வரைவது நல்லது. நிழல் விழாமல் நேர் மேலிருந்து போட்டோ எடுக்க வேண்டும். கருவிக்குக் கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுதான் புரியும். அதனால் `invert (from white bg & black line)` என்ற தேர்வு அவசியம். இதை விட்டுவிட்டால் வரும் படத்துக்கும் ஸ்கெட்ச்சுக்கும் சம்பந்தமே இருக்காது.

அடுத்தது பலரும் சறுக்கும் இடம். ஆர்வத்தில் கண், மூக்கு, மீசை எல்லாம் வரைந்துவிடுவார்கள். அப்போது கோணலாகப் போட்ட கண்ணை ஒரு கருவி காப்பாற்றப் பார்க்கும், போட்டோவில் உள்ள கண்ணை இன்னொன்று கொண்டுவரப் பார்க்கும். கடைசியில் யாரோ ஒரு மூன்றாவது ஆள் வந்து உட்கார்ந்திருப்பார். முகத்துக்கு ஒரு நீள்வட்டம், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று காட்ட ஒரு கோடு, அவ்வளவு போதும். தலைப்பாகையின் வெளிக்கோடு, தோள், முழங்கை, மேசை ஆகியவற்றைத் தெளிவாக வரையுங்கள்.

`Control Weight` என்ற அளவை 0.7 அளவில் வைத்துத் தொடங்கலாம். 1-க்கு ஏற்றினால் கை நீளமாகிப்போன தப்புகூட அப்படியே படத்தில் ஏறிவிடும். 0.3-க்கு இறக்கினால் சம்மணம் போய் நாற்காலி வந்துவிடலாம். `Ending Control Step` 0.65 என்றால், படம் உருவாகும் முதல் 65 சதவீத நேரம் வரைதான் ஸ்கெட்ச்சின் பிடி இருக்கும். அதன்பிறகு விரல், துணி மடிப்பு போன்றவற்றை மென்பொருளே திருத்திக்கொள்ளும்.

முகம் ஏன் மாறிப்போகிறது?

முதல் காரணம் கோணம். போட்டோவில் அவர் நேராகப் பார்க்கிறார், ஸ்கெட்ச்சில் குனிந்திருக்கிறார். குனிந்த முகத்தின் மூக்கும் தாடையும் எப்படித் தெரியும் என்ற தகவல் அந்த ஒரே போட்டோவில் கிடையாது. மென்பொருள் ஊகிக்கும். முகத்துக்கான அளவை மிக அதிகமாக்கினால், உடம்பு குனிந்திருக்க முகம் மட்டும் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி நம்மையே பார்க்கும். அப்படி வந்தால் அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கெட்ச்சில் தலையை நிமிர்த்த வேண்டும். பாரதி விஷயத்தில் இரண்டாவதுதான் சரி. எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பது போல வரைந்தால் ஊகம் குறையும்.

இரண்டாவது காரணம் சைஸ். முழு உருவமும் தெரியும் படத்தில் முகத்துக்குக் கிடைப்பது சுமார் 100 பிக்சல். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வகை மென்பொருள்கள் உள்ளுக்குள் படத்தை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கித்தான் கணக்குப் போடுகின்றன. அப்படின்னா முகத்துக்கு மிஞ்சுவது 12, 13 கட்டங்கள்தான். அதில் கண்ணும் மீசையும் குழைந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. படம் வந்தபிறகு முகத்தை மட்டும் மார்க் செய்து, `Only masked` தேர்வில், `Denoising strength` 0.4 அளவில் இன்னொரு தடவை ஓட்டினால் முகம் பெரிய அளவில் புதிதாக வரையப்பட்டு, திரும்பச் சுருக்கி அதே இடத்தில் அமரும்.

சாயல் வந்ததா? கட்டை விரல் டெஸ்ட்

பாரதி படத்தில் ஒரு ஆபத்து உண்டு. முறுக்கு மீசையும் தலைப்பாகையும் வைத்தால் யாரைப் பார்த்தாலும் பாரதி மாதிரியே தோன்றும். அதனால் மொபைலில் அசல் போட்டோவையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் தலைப்பாகை, மீசையை விரலால் மறையுங்கள். மிஞ்சும் கண், புருவம், மூக்கு நுனி, கன்ன எலும்பு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அது வேஷம் போட்ட வேறொருவர்.

முக அடையாள மென்பொருளில் போட்டு "மேட்ச் ஆகுது" என்று சொல்வது பெரிய சான்று ஆகாது. அதே மாதிரியான முக எண்களை வைத்துத்தானே படமே வரையப்பட்டது!

நிறம் யார் கொடுத்தது?

கருப்பு வெள்ளை போட்டோவில் தோல் நிறமும் இல்லை, துணியின் நிறமும் இல்லை. நாம் சொல்லாவிட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பும். இந்திய முகங்களைத் தேவைக்கு மேல் வெளுப்பாக்கி, சுருக்கங்களை வழித்துவிடும் பழக்கமும் இவற்றுக்கு உண்டு. தோல் நிறம், வயது, முகக்கோடுகளை வார்த்தையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2019 ஜூனில், பிளஸ் 2 தமிழ்ப் பாடநூல் அட்டையில் பாரதியின் தலைப்பாகை காவி நிறத்தில் இருந்தது பெரிய சர்ச்சையானது. அது ஓவியம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் கேள்வி கேட்க முடிந்தது. போட்டோ போலவே இருக்கும் படத்தில் நிறம் மாறினால், பார்ப்பவர் அதை ஆதாரமாகவே எடுத்துக்கொள்வார்.

ஆகவே பேனர் அச்சுக்குப் போகும் முன் படத்தின் மூலையிலேயே "ஏஐ உருவாக்கிய சித்திரம்" என்று படிக்கும் அளவில் எழுதுங்கள். கேப்ஷனில் மட்டும் எழுதினால், படம் வாட்ஸ்அப்பில் இரண்டு குரூப் தாண்டியதும் அது காணாமல் போய், "பாரதியின் அரிய புகைப்படம்" என்ற தலைப்பு ஒட்டிக்கொள்ளும். பயன்படுத்திய ஸ்கெட்ச்சையும் அசல் போட்டோவையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாளை யாராவது கேட்டால், எது கிடைத்தது, எது ஊகித்தது என்று பிரித்துக் காட்ட அவை இரண்டும்தான் கையில் இருக்கும்.