புகைபோக்கியின் எண்களை வாசிப்பது எப்படி?

நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் இன்று கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. புகையில் எவ்வளவு தூசித் துகள், எவ்வளவு கந்தக டை ஆக்சைடு, எவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு என்பதை அவை இடைவிடாது அளந்து, 15 நிமிடச் சராசரியாக மாநில, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களின் கணினிகளுக்கு அனுப்புகின்றன. மிகுந்த மாசு உண்டாக்கும் 17 வகைத் தொழில்கள் இக்கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆணையிட்டது. இவ்வளவுகளை வாரியங்களின் இணையதளத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில், பரியாவரன் சுரக்ஷா சமிதி வழக்கில் உத்தரவிட்டது.

ஆகவே எண்ணூரிலோ மேட்டூரிலோ தூத்துக்குடியிலோ, சாம்பல் படியும் கூரைகளின் கீழ் வாழும் சேரி மக்களும் மீனவர்களும் முறையிடும்போது, 'எங்கள் கருவி வரம்புக்குள்தான் காட்டுகிறது' என்ற பதில் வருவதற்கு இடமுண்டு. அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரியாதவர் அந்தப் பதிலோடு திரும்பிவிட நேரிடும். தெரிந்தவர் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்.

முதலில் தூசித் துகள். பெரும்பாலோர் எண்ணுவதுபோல் கருவி தூசியை நிறுத்துப் பார்ப்பதில்லை. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில், புகைபோக்கியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓர் ஒளிக்கற்றை அனுப்பப்படுகிறது. துகள்கள் அதில் ஒரு பகுதியை விழுங்கியும் சிதறடித்தும் விடுகின்றன. போய்ச் சேராத ஒளியின் விழுக்காடே ஒளிபுகாமை. 100 பங்கு ஒளியில் 80 பங்கு போய்ச் சேர்ந்தால் ஒளிபுகாமை 20 விழுக்காடு.

அமெரிக்காவில் ஒளிபுகாமையே சட்ட வரம்பாக உள்ளது. அங்கு 1970களின் விதிகளுக்கு உட்பட்ட மின்நிலையக் கொதிகலன்களுக்கு, ஆறு நிமிடச் சராசரி 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மணிக்கு ஒரே ஓர் ஆறு நிமிடம் மட்டும் 27 வரை போகலாம். கருவி இல்லாத இடத்தில், பயிற்சியும் சான்றும் பெற்ற ஒருவர் 15 நொடிக்கு ஒருமுறை என்று 24 முறை வெறுங்கண்ணால் புகையைப் பார்த்துக் குறித்த சராசரியையும் அந்நாட்டுச் சட்டம் ஏற்கிறது.

இந்தியாவில் அனல்மின் நிலையங்களுக்கான தூசி வரம்பு எடையில் சொல்லப்பட்டுள்ளது. 2015 டிசம்பர் அறிவிக்கையின்படி, 2003 முடிவுக்குள் நிறுவப்பட்ட அலகுகள் ஒரு கன மீட்டர் புகையில் 100 மில்லிகிராம் வரை வெளியிடலாம். 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்டவற்றுக்கு 50. அதற்குப் பின் வந்தவற்றுக்கு 30. ஒளியை அளக்கும் கருவி எடையைச் சொல்ல வேண்டுமானால் இடையில் ஒரு மாற்றுக் கணக்கு தேவை. அதற்காக ஒரு நாள் ஆய்வகக் குழு புகைபோக்கியின் மேடையில் ஏறி, புகை ஓடும் அதே வேகத்தில் ஒரு குழாய் வழியே அதை உறிஞ்சி, வடிதாளில் படிந்த தூசியை நிறுக்கும். அதே நேரத்தில் ஒளிக்கருவி காட்டியதையும் குறித்துக்கொள்வார்கள். இப்படிப் பலமுறை எடுத்த இணைகளின் வழியே வரையப்படும் கோடுதான் பிறகு மாதக்கணக்கில் ஒளியை மில்லிகிராமாக மாற்றித் தருகிறது.

அந்தக் கோடு, அந்த நாளின் நிலக்கரிக்கும் அந்த நாளின் வடிகட்டிக்கும் உரியது. மின்புலத்தால் தூசியைப் பிடிக்கும் வடிகட்டி நன்றாக இயங்கும்போது நுண்துகள்களே தப்பித்து வெளியேறும். ஒரே எடையுள்ள தூசியில் நுண்துகள் அதிக ஒளியை மறைக்கும். பருந்துகள் குறைவாக மறைக்கும். வடிகட்டியின் ஒரு பகுதி பழுதானால் பருந்துகளும் சேர்ந்து வெளிவரும். அப்போது எடை கூடும் அளவுக்கு ஒளிபுகாமை கூடாது. அதாவது, வடிகட்டி கெட்டுப்போகும் வேளையில்தான் கருவி உண்மையைவிடக் குறைத்துச் சொல்ல வாய்ப்பு மிகுதி. ஒளிவழிக் கருவியின் இயல்பிலேயே உள்ள இந்தக் குறையை யாருடைய சூழ்ச்சி என்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கோடு கடைசியாக எப்போது, எந்த நிலக்கரியில் வரையப்பட்டது என்ற கேள்வி இதனால் கட்டாயமாகிறது.

வாயுக்களின் கதை வேறு. கந்தக டை ஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடும் அகச்சிவப்பு அல்லது புறஊதா ஒளியின் குறிப்பிட்ட அலைநீளங்களை உறிஞ்சுபவை. எவ்வளவு உறிஞ்சப்பட்டது என்பதைக் கொண்டு செறிவு கணக்கிடப்படுகிறது. அளவு தெரிந்த வாயுவை உருளையிலிருந்து செலுத்தி, கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்கலாம் என்பதால் வாயு அளவீடு தூசி அளவீட்டைவிட உறுதியானது. ஆனால் இங்கே ஆக்சிஜன் என்ற மூன்றாம் ஆள் நுழைகிறார்.

புகையில் காற்றைக் கலந்தால் எந்த மாசின் செறிவும் குறையும். வெளியேறும் மொத்த மாசு குறையாது. இந்தக் குறுக்குவழியை அடைக்கவே, அனல்மின் நிலையங்களில் அளவுகளை 6 விழுக்காடு ஆக்சிஜனுக்கு ஈடாக மாற்றிச் சொல்ல வேண்டும் என்ற விதி உள்ளது. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. அளந்த எண்ணை 15ஆல் பெருக்கி, 21இலிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழித்துக் கிடைப்பதால் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 2003க்கு முன் நிறுவப்பட்ட 210 மெகாவாட் அலகு ஒன்றின் திரையில் தூசி 80 மில்லிகிராம் என்று தெரிகிறது. வரம்பு 100, எல்லாம் நலம் என்று தோன்றும். அதே 15 நிமிடத்தில் ஆக்சிஜன் 10.5 விழுக்காடு என்று பதிவாகியிருக்கிறது. பழைய கொதிகலன்களின் குழாய்களிலும் இணைப்புகளிலும் வெளிக்காற்று கசிந்து நுழைவது அரிதல்ல.

80 × 15 ÷ (21 − 10.5) = 114

வரம்பு மீறப்பட்டிருக்கிறது. திரையில் உள்ள 80 ஈடுசெய்யப்பட்ட எண்ணா, அளந்தபடியே உள்ள எண்ணா என்பது தெரியாமல் அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆக்சிஜன் அளவைத் தராமல் மாசின் அளவை மட்டும் வெளியிடும் எந்தப் பட்டியலையும் பாதிப் பட்டியல் என்றே கொள்ள வேண்டும்.

இன்னொரு சோதனை இதைவிடக் கூர்மையானது. அதைச் செய்ய ஆய்வகமும் தேவையில்லை. எரிந்த கந்தகம் ஏறத்தாழ முழுவதும் கந்தக டை ஆக்சைடாக மாறும். சாம்பலில் தங்குவது சிறு பங்கே. ஒரு கிராம் கந்தகம் இரண்டு கிராம் வாயுவைத் தரும். கந்தகம் 0.5 விழுக்காடு உள்ள ஒரு கிலோ நிலக்கரியில் 5 கிராம் கந்தகம் இருக்கிறது. அது 10 கிராம் வாயுவாகும். கிலோவுக்கு 4000 கிலோகலோரி வெப்பம் தரும் நிலக்கரி, 6 விழுக்காடு ஆக்சிஜன் நிலையில், ஏறத்தாழ 6 முதல் 6.5 கன மீட்டர் உலர்புகையைத் தரும். 10 கிராமை அதற்குள் பகிர்ந்தால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 1600 மில்லிகிராம் வருகிறது.

2015 அறிவிக்கை 500 மெகாவாட்டுக்குக் குறைந்த அலகுகளுக்கு வைத்த கந்தக டை ஆக்சைடு வரம்பு 600. கந்தகம் நீக்கும் சாதனமே பொருத்தப்படாத ஒரு நிலையம், மேற்சொன்ன நிலக்கரியை எரித்துக்கொண்டே, 400 என்று மாதம் முழுதும் காட்டினால் அதை நம்ப இயலாது. ஒன்று, நிலக்கரியில் கந்தகம் 0.15 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதை நிலையத்தின் நிலக்கரிப் பகுப்பாய்வு அறிக்கை காட்டிவிடும். இல்லையேல் கருவி பிழையாக இருக்க வேண்டும். நாட்டின் பெரும்பாலான நிலக்கரி அலகுகளுக்கு இச்சாதனம் கட்டாயமில்லை என்று 2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தளர்வு அளித்துவிட்டதால், இந்த எளிய கணக்கின் பயன் இன்னும் நெடுநாள் நீடிக்கும்.

தரவு கைக்கு வந்தால் சில தடயங்களைத் தேடலாம். உயிருள்ள கொதிகலனின் அளவு ஒருபோதும் அசையாமல் நிற்காது. மணிக்கணக்கில் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால், கருவி நின்றுவிட்டது அல்லது கடைசி எண்ணையே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அலகு முழு மின்னுற்பத்தியில் இருக்கும்போது ஆக்சிஜன் 20ஐத் தாண்டினால், கருவி உறிஞ்சுவது புகையை அல்ல, வெளிக்காற்றை. அதற்குக் குழாய் உடைந்திருக்கலாம், யாரோ கழற்றியும் இருக்கலாம். எண் அதைப் பிரித்துச் சொல்லாது. அளவு ஒரு குறிப்பிட்ட உயரத்தில் வெட்டியதுபோல் சமமாக நின்றால், கருவியின் உச்ச எல்லை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. உண்மை அதற்கு மேலே எங்கோ உள்ளது. ஓட்டம் தொடங்கும் நேரத்திலும் வடிகட்டியின் தட்டுகளைத் தட்டித் தூசி உதிர்க்கும்போதும் தூசி எழும்பி விழுவது இயல்பு. ஒரு மாதத் தரவில் அப்படி ஒரு எழுச்சியும் இல்லையென்றால் அதுவே விசாரிக்க வேண்டிய செய்தி.

ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுதுவோர் 'உமிழ்வு விவரம் தருக' என்று பொதுவாகக் கேட்பது பயன் தராது. மாதச் சராசரி ஒன்று வந்து சேரும். குறிப்பிட்ட நாள்களைச் சொல்லி, ஒவ்வொரு அலகுக்கும் 15 நிமிடச் சராசரியாகத் தூசி, வாயுக்கள், ஆக்சிஜன், புகையின் வெப்பநிலை, அந்நேர மின்னுற்பத்தி ஆகியவற்றைக் கேட்க வேண்டும். எண்கள் ஆக்சிஜனுக்கு ஈடுசெய்யப்பட்டவையா என்றும், கருவியின் உச்ச எல்லை என்ன என்றும், அளவுத்திருத்தப் பதிவேட்டின் நகலையும், தூசிக்கருவியின் மாற்றுக் கோடு வரையப்பட்ட நாளின் ஆய்வறிக்கையையும் கேட்க வேண்டும்.

கிடைத்த தரவு எங்கே செல்லுபடியாகும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம், பிரிவு 26இன்படி, வாரிய அதிகாரி ஆலைக்கு அறிவிப்புக் கொடுத்து, மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பிப் பெறும் முடிவையே சான்றாகக் கருதுகிறது. அந்நடைமுறையில் குறை இருந்தால் அந்த ஆய்வு முடிவைச் சட்ட நடவடிக்கையில் ஏற்க இயலாது. கையால் எடுக்கும் மாதிரிக்காக எழுதப்பட்ட விதி அது. ஆலைக்குள் இருந்து தானாக வரும் எண்ணுக்கு அதில் இடம் சொல்லப்படவில்லை. இதனால் கருவி ஆண்டு முழுதும் மீறலைக் காட்டினாலும், வழக்குத் தொடுக்க வாரியம் தனியாக மாதிரி எடுக்க வேண்டிய நிலை. மாதிரி எடுக்கும் அந்த ஒரு நாளில் வடிகட்டி ஒழுங்காக இயங்கினால் வியப்பில்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் நிலை வேறு. சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குத் தீர்ப்பாயம் கட்டுப்பட்டதல்ல என்று 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு கூறுகிறது. கருவியின் 15 நிமிடத் தரவையும், அதன்மேல் செய்த ஆக்சிஜன் கணக்கையும், கந்தகக் கணக்கையும் இணைத்து, சென்னையில் உள்ள அதன் தென்மண்டல அமர்வின் முன் வைக்கத் தடையில்லை.